சிரை மீள்வரத்துக் கோடு: சரிவை மாற்றுவதா, விடுவதா?

உடலியங்கியல் நடத்துபவர்களிடம் ஒரு சந்தேகம். முதலாண்டு வகுப்புக்கு கைட்டன் வரைபடத்தை எக்செலில் போடுகிறோம். சராசரி நிரப்பழுத்தம் 7 மி.மீ. பாதரசம், சிரைத் தடை 1.4. அப்படியானால் மீள்வரத்து = (7 − P) / 1.4; P என்பது வலது மேலறை அழுத்தம். இதயக் கோட்டுக்கு, 0-க்கு அருகில் மட்டும், 5 + 2P. இரண்டும் P = 0-இல், நிமிடத்துக்கு 5 லிட்டரில் சந்திக்கின்றன.

P தற்செயலாக 1 ஆனால் இதயம் 7 லிட்டர் தள்ளும், வருவதோ 4.3 தான். மேலறை வடிந்து P தானாக இறங்கிவிடும். இதுவரை மாணவர்களுக்குப் புரிகிறது.

சலைன் ஏற்றி நிரப்பழுத்தம் 10 ஆனதும் பலர் P-யை 0-இலேயே வைத்து 7.1 லிட்டர் என்கிறார்கள். உண்மையில் P 0.8-க்கு ஏறி, 6.6 லிட்டரில் நிற்கும்.

கேள்வி இதுதான்: திரவம் ஏறினால் நாளங்கள் விரிந்து தடையும் குறையுமே, சரிவைச் செங்குத்தாக்கிக் காட்டுகிறீர்களா, இணைகோடாகவே விடுகிறீர்களா? P எதிர்மறையானால் சிரைகள் ஒடுங்கிக் கோடு தட்டையாக வேண்டும். அதற்கு MAX(P,0) போட்டிருக்கிறோம். முனை கூர்மையாக வருகிறது, வளைவாக்க எளிய வழி உண்டா?