கலைச்சொல் தேவை: ஆடியன்ஸ் ரிடென்ஷன்

கயல் எழுதியது:
வணக்கம். வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஆடியன்ஸ் ரிடென்ஷனுக்கு இப்போதைக்கு 'பார்வையாளர் தக்கவைப்பு' என்று போட்டிருக்கிறேன், வாய்விட்டுப் படித்தால் நாக்கு தடுக்குகிறது. பாடத்தில் வரும் உதாரணம்: சைக்கிள் சங்கிலிச் சத்தத்தை நிறுத்துவது பற்றிய 8 நிமிட வீடியோ. எத்தனை விழுக்காட்டினர் இன்னும் பார்க்கிறார்கள் என்று காட்டும் யூடியூப் வரைபடத்தில், 2:10-இல் 58 விழுக்காடாக இருந்த கோடு 2:50-க்குள் 41-க்கு இறங்கி, அப்புறம் ஏறவே இல்லை. இந்த இறக்கத்துக்கும் ஒரு சொல் வேண்டும்.

பரிதி எழுதியது:
தக்கவைப்பு பிறவினை அம்மா. வைப்பவர் வீடியோ எடுத்தவர், ஆனால் கோடு காட்டுவது பார்ப்பவரின் செயலை. தன்வினைதான் பொருந்தும். எச்சம் என்று சொன்னால் என்ன? போனவர் போக எஞ்சியவர். 'தக்கார் தகவிலர்' குறளில் தக்கதும் எச்சமும் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள். 'தக்குதல்' என்றால் நிலைத்தல், இன்றும் வயிற்றில் சோறு தக்கவில்லை என்கிறோமே...

தும்பி எழுதியது:
எச்சம் என்றால் என் மாணவர்கள் காக்கையைத்தான் நினைப்பார்கள் ஐயா. அது கிடக்கட்டும், என் வீடியோவில் முதல் 30 விநாடியிலேயே பாதிப் பேர் போய்விட்டார்கள், மொத்தம் 40 பார்வைகள்தான். அறிமுகத்தைத் தூக்கிவிடலாமா? சந்தாதாரரைத் தக்கவைப்பது பற்றித்தானே பேசுகிறோம்?

வில்லவன் எழுதியது:
சந்தாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வீடியோவின் ஒவ்வொரு நொடியும் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதைத்தான் இந்தக் கோடு காட்டுகிறது. ஒருவர் பின்னால் போய்த் திரும்பப் பார்த்தால் அதுவும் கணக்கில் சேரும், அதனால் கோடு நடுவில் ஏறும், சில இடத்தில் 100-ஐத் தாண்டவும் செய்யும். எச்சம் முழுமையைத் தாண்டுமா பரிதி ஐயா? அங்கேயே அந்தச் சொல் விழுந்துவிட்டது.

தும்பிக்கு: தொடக்கச் சரிவு எல்லா வீடியோவிலும் உண்டு. அதே நீளமுள்ள உங்கள் மற்ற வீடியோக்களை விட அதிகமாகச் சரிந்தால் மட்டும் அறிமுகத்தில் கை வையுங்கள். 40 பார்வையில் ஒருவர் எழுந்து போனாலே கோடு இரண்டரைப் புள்ளி இறங்கும், அதை வைத்து எதையும் வெட்டாதீர்கள்.

கயலுக்கு: இறக்கத்துக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். கோடு இறங்கி மறுபடி ஏறினால் மக்கள் அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள், அது 'குழி'. அந்தப் பகுதியைச் சுருக்கினாலே போதும். இறங்கி அங்கேயே நின்றால் போயே விட்டார்கள், அது 'படி'. உங்கள் உதாரணம் படி. 58-இல் 17 போயிருக்கிறது, அதாவது அதுவரை இருந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர். 2:10-க்குச் சற்று முன் ஸ்கிரிப்டில் என்ன வரி இருக்கிறது?

கயல் எழுதியது:
2:04-இல் "சங்கிலி சுத்தமாகிவிட்டது, இப்போது சத்தம் குறைந்திருக்கும்". 2:10-இலிருந்து ஆறு வகை எண்ணெய்களின் பட்டியல். பட்டியல் சலிப்பு, அதை நீக்கு என்கிறது கையேடு.

வில்லவன் எழுதியது:
கையேடு பாதிதான் சரி. பட்டியல் சலிப்புதான், ஆனால் போகும் அனுமதியைக் கொடுத்தது 2:04 வரி. சத்தம் நிற்க வேண்டும் என்று வந்தவரிடம் சத்தம் குறைந்துவிட்டது என்று சொன்னால் அவருக்கு வேலை முடிந்தது. பட்டியலை மட்டும் எடுத்தால் அந்தப் படி அதே வரிக்குப் பின்னால் வந்து நிற்கும் என்றே நினைக்கிறேன். நான் இப்படி மாற்றுவேன்: "சுத்தம் செய்ததும் சத்தம் குறையும், ஆனால் எண்ணெய் உருளைகளுக்குள் இறங்காவிட்டால் திரும்ப வரும். உள்ளே இறக்குவது எப்படி என்று பாருங்கள்." உடனே கை எண்ணெய் விடும் காட்சி, வெளியே வழிவதைத் துடைப்பது, அதற்குப் பிறகு ஒரே வாக்கியத்தில் எந்த எண்ணெய் என்று. வெளியான வீடியோவில் பேச்சை மாற்ற முடியாது, யூடியூப் எடிட்டரில் வெட்ட மட்டும்தான் முடியும். எனவே இது அடுத்த ஸ்கிரிப்டுக்கு. அடுத்ததில் படி வேறிடத்தில் வந்தால் என் ஊகமும் தப்பு.

பரிதி எழுதியது:
சரி, எச்சத்தை விட்டேன். 'தங்கல்' வைக்கலாமா? தங்கு, தங்கல். தன்வினை, மூன்றே எழுத்து... இல்லை, நான்கு.

தும்பி எழுதியது:
வகுப்பில் 'தங்கல் வரைபடம்' என்றால் விடுதி அறை எடுப்பது போல இருக்கிறது. ரிடென்ஷன் என்றே விடுங்கள், அவர்கள் திரையில் பார்க்கும் சொல் அதுதான்.

கயல் எழுதியது:
நேரமில்லை. 'தங்கல் வரைபடம்' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ரிடென்ஷன் என்பதையும் சேர்க்கிறேன். குழி, படி இரண்டும் உள்ளே போகின்றன. 2:04 வரியைப் பற்றிக் கையேடு எழுதியவருக்குத் தனியே கடிதம் போட்டுவிட்டேன்.

பரிதி எழுதியது:
'படி' என்றால் படிப்பதும் அல்லவா? 'மடிவு' என்று வைத்தால் கோடு மடிவதும்...