புதுப்பிப்பு: மதுரை மல்லிக் கட்டுரை, மதிப்பாய்வாளருக்குப் பதில்

இதழுக்கு அனுப்பிய எங்கள் ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பாய்வாளர் 2 எழுதியது: "முன்னுரை பழையது. அண்மை ஆய்வுகளைச் சேர்க்கவும். கீழுள்ள ஐந்தையும் மேற்கோள் காட்டவும்."

பதில் போயாச்சு. ஐந்தில் இரண்டு சேர்த்தோம். இரண்டுமே பறித்த மொட்டு எவ்வளவு நேரத்தில் விரிகிறது என்பதைப் பற்றியவை. "சேர்த்துவிட்டோம்" என்று மட்டும் எழுதாமல், எந்த வாக்கியத்துக்கு எது ஆதாரம் என்று வரி எண்ணோடு கொடுத்தோம். திருத்தம் தெரியும் கோப்பிலும் சுத்தப் பிரதியிலும் வரி எண் மாறும். எந்தக் கோப்பின் எண் என்று சொல்லாவிட்டால் அவர் தேடிச் சலித்துப்போவார்.

மறுத்த மூன்றுக்கும் எழுதியது: "பரிந்துரைக்கு நன்றி. இவை ஜாதிமல்லியில் வாசனைச் சாறு எடுப்பதைப் பற்றியவை. எங்கள் பூ குண்டுமல்லி, வேறு இனம். நாங்கள் அளந்தது மொட்டின் வாடல். எனவே இங்கே சேர்க்கவில்லை." மூன்றிலும் ஒரே ஆசிரியர் பெயர் இருக்கிறது, மதிப்பாய்வாளர் தன் கட்டுரைகளையே திணிக்கிறாரோ என்ற சந்தேகம் வரும்; அதைக் கடிதத்தில் தொடவே இல்லை. காரணம் பொருளைப் பற்றியதாக இருந்தால் போதும்.

"ஐந்தையும் போட்டுடுங்க தம்பி, சீக்கிரம் முடியும்" என்று திருமங்கலம் அண்ணன் சொன்னதில் பாதி சரி, சண்டை இல்லாமல் முடியும். ஆனால் பொருந்தாத மேற்கோளை அடுத்த மதிப்பாய்வாளர் பிடித்தால் பதில் சொல்வது நாம்தான்.

பேராசிரியர் அம்மா ஒரு விஷயம் பிடித்தார்: நடுவில் மேற்கோள் நுழைந்தால் மற்ற எண்கள் தானாக நகரும், அட்டவணைத் தலைப்பில் கையால் அடித்தவை நகராது. ஒரே ஆசிரியர் விஷயத்தை இதழாசிரியருக்குத் தனியே எழுதலாம் என்கிறார் அவர். இணை ஆசிரியர் வேண்டாம் என்கிறார். இன்னும் எழுதவில்லை.