இரண்டே கால் வயதுக் குழந்தைக்கு நிதானமான நிகழ்ச்சிகள்: உதவி தேவை

மடிப்பாக்கம்வாசி: மாலையில் சமையல் முடியும் வரை அரை மணி நேரம் மகளுக்குத் தொலைக்காட்சியில் பாட்டுத் தொகுப்பு போட்டுவிடுகிறேன். இமைக்காமல் பார்ப்பவள், அணைத்ததும் தரையில் புரண்டு அழுகிறாள். வேகம் குறைந்த, ஒரே மாதிரி திரும்ப வரும் நிகழ்ச்சிகளை எப்படி அடையாளம் காண்பது?

திருச்சி பாட்டி: என் பேரனும் கைப்பேசி இல்லாமல் ஒரு வாய் சோறு வாங்க மாட்டான். பருப்பு சாதத்தைக் கையில் உருட்டிக் கொடுத்துப் பாருங்கள்.

மடிப்பாக்கம்வாசி: சாப்பாட்டில் சிக்கல் இல்லை அம்மா, அணைக்கும்போதுதான்.

இரட்டையர் அப்பா: இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்றும், அதன் பிறகு ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்றும் சொல்கிறது. நீங்கள் அந்த வரம்புக்குள் இருப்பதால் எதைப் போட்டாலும் ஒன்றுதான்.

மழலையர் ஆசிரியை: வரம்பு சரி, ஆனால் எதைப் போட்டாலும் ஒன்றல்ல. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வேகமான கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்த நான்கு வயதுக் குழந்தைகள், நிதானமான நிகழ்ச்சியைப் பார்த்தவர்களைவிட, உடனே கொடுத்த கவனச் சோதனைகளில் பின்தங்கினார்கள். அந்த விளைவு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை அது காட்டவில்லை.

உங்கள் வீட்டு அழுகைக்கு வேகத்தோடு இன்னொரு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். தொகுப்பில் ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுவதால், எப்போது அணைத்தாலும் அவளுக்கு அது பாதியில் பிடுங்கியதாகவே படும். எனவே முடிவுள்ள சிறுகதையாகத் தேடுங்கள். ஒலியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள்: இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை காட்சி வெட்டப்பட்டால் ஒதுக்கிவிடலாம். ‘பஃபின் ராக்’, ‘சாரா அண்ட் டக்’ இரண்டும் ஏறக்குறைய ஏழு நிமிடக் கதைகள். ஒரே குரல் நிதானமாகக் கதை சொல்லும்.

பிறகு ஒரே கதையை வாரம் முழுவதும் போடுங்கள். 1996-இல் தொடங்கிய, பார்க்கும் குழந்தைகளிடம் கேள்வி கேட்கும் ‘புளூஸ் குளூஸ்’ நிகழ்ச்சியை ஒரே பகுதியாகத் தொடர்ந்து ஐந்து நாள் ஒளிபரப்பினார்கள். குழந்தைகள் சலிக்காமல், நாளாக ஆக முந்திக்கொண்டு பதில் சொன்னார்கள். கதையை முன்கூட்டியே பதிவிறக்கி, தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். முடிவுப் பாட்டு வரும்போது அருகில் போய் நின்று, பொத்தானை அவளையே அழுத்தச் சொல்லுங்கள்.

இரட்டையர் அப்பா: ஏழு நிமிடத்தில் குழம்புகூடக் கொதிக்காதே!

மழலையர் ஆசிரியை: இரண்டு கதை போடலாம். மீதி நேரத்துக்கு வெங்காயத் தோலும் ஒரு கிண்ணமும் கொடுத்து அடுப்பிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள்.

மடிப்பாக்கம்வாசி: இன்று ‘பஃபின் ராக்’ போட்டேன். முதல் கதை முடிந்ததும் சிணுங்கினாள், புரளவில்லை. ஆனால் ஆங்கிலம் அவளுக்குப் புரியவில்லை. இதே நிதானத்தில் தமிழில் ஏதாவது உண்டா?

மழலையர் ஆசிரியை: நான் தேடிய வரை தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் பாட்டுத் தொகுப்புகளே. வகுப்பில் ஒலியை நிறுத்திவிட்டு நானே கதை சொல்வேன். அடுப்படியிலிருந்து உங்களுக்கு அது முடியுமா என்று தெரியவில்லை. வேறு யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.