‘மார்ஜினல் யுடிலிட்டி’: இறுதியா, எல்லையா, விளிம்பா?

சரவணன் எழுதியது:

நண்பர்களே, பொருளியல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதிய தண்ணீர்–வைரப் புதிர் அதில் வருகிறது. தண்ணீரைப் போலப் பயனுள்ளது வேறில்லை, ஆனால் அதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது. வைரத்தால் பெரிய பயன் இல்லை, அதைக் கொடுத்தால் என்னென்னவோ கிடைக்கும். இந்தப் புதிரை அவிழ்ப்பது ‘மார்ஜினல் யுடிலிட்டி’, அதாவது ஒரு பொருளில் இன்னும் ஒன்று கிடைத்தால் கூடுகிற பயன். பாடநூலில் ‘இறுதிநிலைப் பயன்பாடு’ என்றிருக்கிறது. எனக்கு ‘விளிம்புப் பயன்’ பிடித்திருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

முருகேசன்:

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? வைரம் அரிது, தண்ணீர் ஏராளம். அவ்வளவுதான் விஷயம். ‘அருமைப் பயன்’ என்று வைத்துவிடுங்கள்.

தேவகி:

முருகேசன், பாதி சரி. அரிதாக இருந்தால் மட்டும் விலை வந்துவிடாது. என் தாத்தா எழுதிய வெண்பாவுக்கு உலகத்திலேயே ஒரு பிரதிதான் இருக்கிறது, பத்து ரூபாய்க்குக்கூட ஆள் இல்லை. அரிது என்பது, வேண்டியவர்களுக்குப் போதாமல் இருப்பது.

வகுப்பில் நான் எப்போதும் எடுப்பது ஆஸ்திரியப் பொருளியலாளர் போம்-பாவெர்க் சொன்ன உழவனின் கதை. அறுவடை முடிந்து ஐந்து மூட்டைத் தானியம் கையில் இருக்கிறது. முதல் மூட்டை, அடுத்த அறுவடைவரை உயிரோடு இருக்க. இரண்டாவது, உடம்பில் தெம்போடு வேலை செய்ய. மூன்றாவது கோழிகளுக்கு. நான்காவதில் சாராயம் காய்ச்சுவான். ஐந்தாவது, ஆசைக்கு வளர்க்கும் கிளிகளுக்கு. இப்போது ஒரு மூட்டை திருடு போகிறது. எந்த மூட்டை போனாலும் அவன் பட்டினி கிடக்கப்போவதில்லை, கிளிக்குத்தான் தீனி இருக்காது. ஆகவே அவன் கையில் இருந்த ஒவ்வொரு மூட்டைக்கும் கிளித்தீனி அளவுதான் மதிப்பு. நான்கு மூட்டை போய் ஒன்றே மிஞ்சினால், அதே தானியத்துக்கு உயிரின் மதிப்பு.

தண்ணீர் நமக்கு ஐந்து மூட்டை நிலையில் இருக்கிறது, வைரம் முதல் மூட்டையிலேயே நிற்கிறது. உலகத்துத் தண்ணீர் முழுவதையும் விடுவாயா, வைரம் முழுவதையும் விடுவாயா என்று சந்தையில் யாரும் கேட்பதில்லை. இன்னும் ஒரு குடம் வேண்டுமா, இன்னும் ஒரு கல் வேண்டுமா என்றுதான் கேட்கிறார்கள்.

இதனால்தான் ‘இறுதி’ எனக்கு உறுத்துகிறது. ‘இறுதி மூட்டை’ என்றதும் மாணவர்கள் கடைசியாகத் தின்கிற மூட்டை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படித் தனியாக ஒரு மூட்டை கிடையாது, ஐந்தும் ஒன்றுதான்.

கோபி (யாழ்ப்பாணம்):

எங்கட பாடப்புத்தகங்களில் ‘எல்லைப் பயன்பாடு’ எண்டுதான் படிச்சனாங்கள். ‘இறுதிநிலை’ எண்டதை இஞ்ச முதல்தரமாப் பாக்கிறன். 1884-இல் ஆஸ்திரியப் பொருளியலாளர் வீசர் ஜெர்மனில வச்ச ‘கிரென்ஸ்நுட்சன்’ எண்ட சொல்லிலயும் முற்பகுதிக்கு எல்லை எண்டுதான் அர்த்தம். இங்கிலாந்துப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1871-இல் சொன்னதுதான் ‘இறுதி’. ரெண்டுக்கும் வம்சம் இருக்கு.

கல்பனா:

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களிடம் தண்ணீருக்கு விலை இல்லை என்று சொல்லிப் பாருங்கள்! லாரிக்கு முன்பணம் கட்டிவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தோம். என் வைர மூக்குத்தி டப்பாவிலேயே கிடந்தது. தேவகி அக்கா சொல்லும் தேற்றம் அப்போது எங்கே போனது?

தேவகி:

எங்கேயும் போகவில்லை கல்பனா, உங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. வழக்கமாகக் கார் கழுவவும் செடிக்கு ஊற்றவும் போகிற தண்ணீர் நின்றது. பிறகு துணி துவைப்பது குறைந்திருக்கும். அடுத்த குடம் சமையலுக்கும் குடிக்கவும் என்று ஆனபோது, நீங்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையும் ஏறியது. தண்ணீரின் மொத்தப் பயன் அந்தக் கோடையில் கூடவில்லை, மாறியது நீங்கள் நின்ற இடம்.

ஆனால் வைரத்தின் விலையை இது மட்டுமே சொல்லிவிடாது. அடுத்த கல் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பதைத் தென்னாப்பிரிக்காவின் டி பீர்ஸ் வைர நிறுவனம் பல பத்தாண்டுகள் தன் கையில் வைத்திருந்தது. இப்போது ஆய்வகத்தில் வைரம் வளர்க்கிறார்கள். கல் அதே கார்பன்தான், விலை சரிந்துவிட்டது.

முருகேசன்:

சரி, ‘அருமை’யை விட்டுவிடுகிறேன். ‘கடைப் பயன்’?

சரவணன்:

‘கடைப் பயன்’ என்றால் மளிகைக் கடை ஞாபகம் வரும். ‘கடைநிலை’ என்றால் கடைநிலை ஊழியர்!

கோபி:

‘விளிம்பு’க்கும் அதே கதிதான். ‘விளிம்புநிலை மக்கள்’ எண்டு எல்லாரும் எழுதத் தொடங்கின பிறகு, ‘விளிம்புப் பயன்’ எண்டால் ஒதுக்கப்பட்ட பயன் எண்டு விளங்கும்.

தேவகி:

என் வாக்கு ‘எல்லைப் பயன்’. ‘பயன்பாடு’ என்றால் உபயோகம் என்று போய்விடும். கிளி வளர்ப்பதில் என்ன உபயோகம்? மனநிறைவுதானே கணக்கு. ஆனால் தமிழ்நாட்டு மாணவன் பரீட்சையில் ‘இறுதிநிலை’ என்று எழுதினால்தான் மதிப்பெண் என்பதையும் யோசியுங்கள்.

சரவணன்:

கட்டுரையில் ‘எல்லைப் பயன்’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘பாடநூல்களில் இறுதிநிலைப் பயன்பாடு’ என்று சேர்க்கிறேன். அடுத்த பக்கத்தில் ‘மார்ஜினல் காஸ்ட்’ வருகிறது. ‘எல்லைச் செலவு’ என்றால் ராணுவச் செலவு மாதிரி இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?