ஒரு வருட கிரெடிட் கார்டு செலவைக் கூட்டினால் ஜிஎஸ்டியில் ₹79.20 இடிக்கிறது

செல்வி:
வணக்கம். என் கிரெடிட் கார்டை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். அதற்காக 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வந்த ஸ்டேட்மென்ட்களை எடுத்து, பொருள் வாங்கிய பதிவுகளை ஒதுக்கிவிட்டு வங்கி பிடித்த தொகைகளை மட்டும் எக்செல்லில் போட்டேன். மேலே உள்ள சுருக்கப் பெட்டியை நம்பவில்லை. அதில் வட்டி தனியாக இருக்கிறது, ஆனால் கட்டணமும் வரியும் வாங்கிய பொருள்களோடு கலந்து கிடக்கின்றன.

ஆண்டுக் கட்டணம் 1,000. தாமதக் கட்டணம் 750 (செப்டம்பர்). ஏடிஎம்மில் பணம் எடுத்ததற்கு 500 (அக்டோபர்). ஆகஸ்ட் முதல் மார்ச் வரை எட்டு மாத வட்டி: 1,240, 1,385, 1,420, 1,190, 980, 760, 540, 310. வட்டி மட்டும் 7,825. எல்லாம் சேர்த்து 10,075.

இதற்கு 18% ஜிஎஸ்டி என்றால் 1,813.50 வர வேண்டும். ஆனால் ஸ்டேட்மென்ட்களில் உள்ள ஜிஎஸ்டி வரிகளைக் கூட்டினால் 1,892.70 வருகிறது. 79.20 அதிகம். திரும்பத் திரும்பப் பார்த்தும் பிடிபடவில்லை. சின்னத் தொகைதான். ஆனால் வரி சேராதபோது மற்ற கூட்டலையும் எப்படி நம்புவது?

இளங்கோ:
மேடம், வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. நான் வீட்டுக் கடன் கட்டுகிறேன், வட்டி மேல் ஒரு பைசா வரி போட்டதில்லை. கட்டணங்களுக்கு மட்டும்தான் 18%. அப்படிப் பார்த்தால் 2,250 ரூபாய்க்கு 405தான் வர வேண்டும். மீதியெல்லாம் தவறாகப் பிடித்தது. உடனே புகார் கொடுங்கள்.

நாகராஜன்:
இளங்கோ, கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்பது சரி. ஆனால் அந்த விலக்கு கிரெடிட் கார்டு வட்டிக்குப் பொருந்தாது என்று 2017 அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறது. அதனால் கார்டு வட்டிக்கு 18% சரியாகத்தான் பிடிக்கிறார்கள். இதை வைத்துப் புகார் கொடுத்தால் நிற்காது.

செல்வி அம்மா, வித்தியாசத்தை அப்படியே தேடாதீர்கள். 0.18 ஆல் வகுத்துவிட்டுத் தேடுங்கள். 79.20 ÷ 0.18 = 440. அதாவது, உங்கள் பட்டியலில் இல்லாத 440 ரூபாய்க்கு வரி விழுந்ததுபோலத் தெரிகிறது. உங்கள் பதிவுகளில் 440 என்று எதுவுமே இல்லை. அப்படியானால் ஒரே பிழையாக இருக்காது. ஒன்று கூட்டி ஒன்று கழித்துத்தான் 440 ஆகியிருக்க வேண்டும்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். மார்ச் மாத வட்டி 310க்கான ஜிஎஸ்டி அதே ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறதா? வருடத்தில் ஏதாவது கட்டணத்தை வங்கி போட்டுவிட்டுத் திருப்பித் தந்ததா?

ஜெனிஃபர்:
எனக்கும் இதே மாதிரிதான். வட்டியில்லா இஎம்ஐ என்று சொல்லி வாஷிங் மெஷின் வாங்கினேன். வட்டித் தொகையைக் கடையில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டார்கள், ஆனால் மாதா மாதம் வட்டிக்கு ஜிஎஸ்டி வருகிறது. முதலில் பிராசஸிங் கட்டணமும் அதற்கு வரியும் வேறு. உங்களுடையதும் இஎம்ஐயாகத்தான் இருக்கும், பாருங்கள்.

செல்வி:
ஜெனிஃபர், எனக்கு இஎம்ஐ எதுவும் இல்லை.

நாகராஜன் சார், இரண்டுமே இருக்கிறது. மார்ச் ஸ்டேட்மென்ட்டில் 310 வட்டி கடைசிப் பதிவாக வந்திருக்கிறது, அதற்கு ஜிஎஸ்டி இல்லை. நவம்பரில் இன்னொரு தாமதக் கட்டணம் 750 போட்டார்கள். நான் பணம் கட்டிய தேதிக்கான ஆதாரத்தைக் காட்டியதும் டிசம்பரில் 750ஐத் திருப்பிவிட்டார்கள். போட்டதும் எடுத்ததும் சமம் என்பதால் இரண்டு பதிவுகளையுமே பட்டியலில் சேர்க்கவில்லை.

நாகராஜன்:
அதேதான். 750 − 310 = 440.

மார்ச் வட்டியை முதலில் பார்ப்போம். உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட் போடும் நாளில்தான் வட்டியைப் பதிகிறது. அதற்கான ஜிஎஸ்டி அதற்குப் பிறகு பதிவாகி அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வரும். அதாவது ஆகஸ்ட் வட்டியின் வரி செப்டம்பரில், செப்டம்பர் வட்டியின் வரி அக்டோபரில். நடுவில் இது தெரியாது, வருடத்தின் இரண்டு முனைகளில்தான் இடிக்கும். உங்களுக்குத் தொடக்கத்தில் வட்டி பாக்கி இல்லாததால் அந்த முனை தப்பியது. கடைசி முனையில் 310க்கான 55.80 ரூபாய் 2025 ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும்.

அடுத்தது அந்த 750. கட்டணத்தைத் திருப்பினார்கள், ஆனால் அதன் மேல் பிடித்த 135 ரூபாய் வரியைத் திருப்பவில்லை. நீங்கள் கட்டணம் போட்டது, திருப்பியது என்ற இரண்டு பதிவுகளையும் ஒதுக்கியதால் 135 மட்டும் அநாதையாக நின்றது. 135 − 55.80 = 79.20. உங்கள் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது.

இனிமேல் திருப்பித் தந்ததையும் ஒதுக்காமல் கழித்தல் குறியோடு போடுங்கள். C பத்தியில் வட்டி, கட்டணம், வரி என்று வகை, D பத்தியில் தொகை இருக்கட்டும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று தலா 9% பிரிந்து வந்தால் இரண்டுக்குமே "வரி" என்றே எழுதுங்கள்.

```
=SUMIFS(D:D,C:C,"வரி")/0.18
=SUMIFS(D:D,C:C,"வட்டி")+SUMIFS(D:D,C:C,"கட்டணம்")
```

இரண்டும் ஒன்றாக வந்தால் எந்தப் பதிவும் விடுபடவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். கட்டணமும் அதன் வரியும் சேர்ந்தே விடுபட்டால் மட்டும் இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டின் முடிவு பாக்கியும் அடுத்ததன் தொடக்க பாக்கியும் ஒன்றா என்று பார்த்து, நடுவில் எந்த மாதமும் தொலையவில்லை என்பதை உறுதி செய்யுங்கள்.

இளங்கோ:
சரி சார், வட்டி விஷயம் இப்போது புரிந்தது. அப்படியானால் மொத்தச் செலவு 10,075 + 1,813.50 = 11,888.50. செல்வி மேடம், வருடத்தில் கார்டில் எவ்வளவு வாங்கினீர்கள்? அதால் வகுத்தால் கார்டின் உண்மையான விலை எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும்.

செல்வி:
சுமார் 3,20,000. வகுத்தால் 3.7% வருகிறது. கேஷ்பேக் 2,400 கிடைத்தது, அதையும் கழித்தால் 3%க்குக் கீழே. இதைப் பார்த்தால் பரவாயில்லை போலத் தோன்றுகிறது.

நாகராஜன்:
அந்த 3.7% உங்களை ஏமாற்றும். 3,20,000இல் பெரும்பகுதியை நீங்கள் கெடுவுக்குள் கட்டியிருப்பீர்கள், அதற்குச் செலவே இல்லை. செலவு வந்தது கட்டாமல் விட்ட பாக்கிக்கு. வாங்கியதால் வகுத்தால், அடுத்த வருடம் இன்னும் அதிகம் வாங்கினாலே கார்டு மலிவாகிவிட்டதுபோல் காட்டும்.

இரண்டாகப் பிரியுங்கள். கார்டை வைத்திருக்கும் செலவு ஆண்டுக் கட்டணம் மட்டும், வரியோடு 1,180. இதற்கு எதிரே கேஷ்பேக் 2,400ஐ வையுங்கள். அந்த அளவில் கார்டு உங்களுக்கு லாபம்தான்.

மற்றதெல்லாம் கடன் வாங்கிய செலவு. வட்டி வரியோடு 9,233.50, தாமதக் கட்டணம் வரியோடு 885, ஏடிஎம் கட்டணம் வரியோடு 590. மொத்தம் 10,708.50. உங்கள் கார்டின் மாத வட்டி எவ்வளவு?

செல்வி:
மாதம் 3.5%. வருடத்துக்கு 42% என்று போட்டிருக்கிறது.

நாகராஜன்:
வரியோடு 3.5% என்பது 4.13% ஆகிறது. பன்னிரண்டால் பெருக்கினால் 49.56%. அச்சடித்த 42%இல் இது தெரியாது.

இன்னும் ஒரு படி போகலாம். 7,825ஐ 3.5%ஆல் வகுத்து, எட்டு மாதத்தால் வகுத்தால் சராசரியாக 27,950 ரூபாய் அளவு பாக்கிக்கு வட்டி போட்டிருக்கிறார்கள் என்று வரும். வங்கி நாள் கணக்கில் போடுவதால் இது தோராயம்தான். அந்தத் தொகைக்கு எட்டு மாதத்தில் 10,708.50 கொடுத்திருக்கிறீர்கள். அதாவது 38% கொஞ்சம் அதிகம், வருடக் கணக்கில் 57% தாண்டும். நகைக் கடனோ தனிநபர் கடனோ இருந்தால் இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

செல்வி:
57% என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சந்தேகம் சார். நான் மாதா மாதம் கட்டாமல் விட்டது 20,000 சுமார்தான். 27,950 எங்கிருந்து வந்தது?

நாகராஜன்:
பாக்கி வைத்த மாதத்தில் புதிதாக வாங்கியதற்கும் வட்டியில்லா நாள்கள் கிடையாது. மளிகைக்குத் தேய்த்தாலும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் எடுத்த பணத்துக்கு எப்போதுமே எடுத்த நாளிலிருந்து வட்டி உண்டு. பாக்கி இருந்த மாதங்களில் அன்றாடச் செலவை இந்தக் கார்டில் போடாமல் இருந்திருந்தால் வட்டி கணிசமாகக் குறைந்திருக்கும்.

இளங்கோ:
ஆனால் கெடு தாண்டி மூன்று நாள் சலுகை உண்டே? ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

நாகராஜன்:
அது தாமதக் கட்டணத்துக்கு. மூன்று நாளுக்கு மேல் தாமதமானால்தான் அதைப் போடலாம். வட்டியை அது நிறுத்தாது.

செல்வி:
ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன 55.80 இருக்கிறது. ஆனால் மார்ச் பில்லை முழுசாகக் கட்டிய பிறகும் 142 ரூபாய் வட்டி வந்திருக்கிறது. இதை எந்த வருடத்தில் சேர்ப்பது?

135 பற்றி வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். வரி அரசாங்கத்துக்குப் போய்விட்டது, திருப்ப முடியாது என்கிறார்கள்.

நாகராஜன்:
142 என்பது ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் நடுவே ஓடிய வட்டி. கடனின் முழுச் செலவு வேண்டுமானால் அதையும், மே மாதம் வரப்போகிற 25.56 வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு வருடம் ஒப்பிடுவதாக இருந்தால் அடுத்த வருடத்தில் விடுங்கள். எது என்றாலும் ஒரே முறையைப் பின்பற்றினால் போதும்.

135க்கு அவர்கள் சொல்வது முழுக்கச் சரியில்லை. தவறாகப் போட்ட கட்டணம் என்றால் வங்கி கிரெடிட் நோட் போட்டு வரியையும் குறைக்கலாம். 2024-25க்கு அதற்கான கெடு 2025 நவம்பர் 30. ஆனால் 750ஐ "நல்லெண்ணத்தில் தந்தது" என்று அவர்கள் பதிந்திருந்தால், கட்டணம் சரிதான் என்று வாதாட இடம் உண்டு. டிசம்பர் ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பதிவின் பெயர் என்னவென்று பாருங்கள். பிறகு கட்டிய ஆதாரத்தோடு வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போடலாம்.

ஜெனிஃபர்:
எனக்கும் ஒரு தாமதக் கட்டணத்தை இப்படித்தான் திருப்பினார்கள், வரி வரவே இல்லை. செல்வி, உங்கள் டிசம்பர் பதிவில் என்ன பெயர் போட்டிருக்கிறது?

செல்வி:
"கட்டணம் ரத்து" என்ற பொருளில்தான் இருக்கிறது, கேஷ்பேக் என்றோ சலுகை என்றோ இல்லை. இன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.