கலைச்சொல் தேவை: விரலைச் சுற்றி மோதிரம் வளைவதற்கு

சொல்தேடி:
வணக்கம். படத்திருத்த வழிகாட்டி ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெறும் விரல் உள்ள ஒளிப்படத்தில், வேறு படத்திலிருந்து வெட்டியெடுத்த மோதிரத்தை அணிவிக்கும் பகுதியில் நிற்கிறேன். மோதிரம் விரலின் உருட்சிக்கு ஏற்ப வளைந்து, பின்புறம் போய் மறைய வேண்டும். மூலத்தில் இதை ‘நக்கிள் ராப்’ என்கிறார்கள். ‘கணுச்சுற்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

ஒட்டுப்படம்:
நல்ல சொல்தான். செய்முறையும் எளிது: மோதிரத்தை விரல் அகலத்துக்குச் சுருக்கி, நுனிப்பக்கம் புடைக்கும்படி வில்லாக வளைத்துவிடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

நகைப்பட்டறை:
மோதிரம் கணுவில் நிற்பதில்லையே! கணுவைத் தாண்டி விரலின் அடியில் போய் உட்கார்கிறது. கணு பருத்த விரலுக்கு அளவெடுப்பதுதான் எங்களுக்குப் பெரிய சிக்கல். கணுவைத் தாண்டும் அளவில் செய்தால் அடியில் தளர்ந்து, கல் பக்கவாட்டில் சரிந்துவிடும். உங்கள் வழிகாட்டியில் அளவுக்கு என்ன சொல்கிறார்கள்?

தூரிகை:
ஐயா கேட்பது உண்மையான மோதிரத்தின் அளவு; இங்கே பேச்சு படத்தைப் பற்றியது. ஆனாலும் அவர் சொன்னதிலேயே விடை இருக்கிறது. வளைவு நிகழ்வது கணுவில் அல்ல என்பதால் ‘கணுச்சுற்று’ படிப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். தளர்ந்த மோதிரம் சற்றுச் சாய்ந்துதான் நிற்கும் என்பதும் நமக்குப் பயன்படும். விரலுக்கு மிகச் சரியான செங்குத்தில் வைத்த மோதிரம் வரைந்ததுபோல் தெரியும்.

ஒட்டுப்படம் அவர்களே, ‘எப்போதும் நுனிப்பக்கம்’ என்பது பாதிதான் சரி. தன் கையை நீட்டி மணிக்கட்டுப் பக்கமிருந்து எடுத்த படத்தில் வில் நுனிப்பக்கம் புடைக்கும். விரல்நுனி கேமராவை நோக்கி இருந்தால் மணிக்கட்டுப் பக்கம் புடைக்கும். நேர்ப்பக்கவாட்டில் பார்த்தால் வளைவே இராது.

சென்ற வாரம் நான் செய்த ஒரு படத்தைச் சொல்கிறேன். மோதிரம் அமரும் இடத்தில் விரலின் அகலம் 160 பிக்சல். அந்த இடத்தை 16 மில்லிமீட்டர் என்று கொண்டால் ஒரு மில்லிமீட்டருக்கு 10 பிக்சல். 3 மில்லிமீட்டர் பட்டை ஏறத்தாழ 30 பிக்சல். தகட்டின் தடிப்பு 1.5 மில்லிமீட்டர் என்பதால் விரலின் இரு ஓரங்களிலும் 15 பிக்சல் வெளியே துருத்த வேண்டும். விரல் அகலத்துக்கே சுருக்கினால் இந்தத் துருத்தல் போய், மோதிரம் தோலில் பூசிய சாயம்போல் ஆகிவிடும். ஆக மொத்த அகலம் 190, அதில் பாதி 95. பார்வைக்கோட்டுக்கும் விரலுக்கும் இடையே கோணம் 70 பாகை:

```
95 × cos 70° ≈ 32
```

வில்லின் நடு, ஓரங்களைவிட 32 பிக்சல் எழும்ப வேண்டும். கோணம் தெரியாவிட்டால் உங்கள் விரலில் காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி, அதே நிலையில் படமெடுத்துப் பாருங்கள். அதன் வளைவே அளவுகோல்.

சொல்லுக்கு வருகிறேன். வட்டவில் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் பகுதி ‘முன்வில்’, விரல் மறைக்கும் பகுதி ‘மறைவில்’. முழு நிகழ்வுக்குச் ‘சூழ்வளைவு’ எனலாம்.

நகைப்பட்டறை:
படம் என்பது இப்போதுதான் புரிந்தது. முன்வில் அழகு. ஆனால் ‘மறைவில் இருக்கிறது’ என்று எழுதினால் ஒளிந்திருக்கிறது என்றுதானே படிப்பார்கள்? ‘பின்வில்’ என்று வையுங்கள்.

ஒட்டுப்படம்:
என் பழைய படங்களைத் திறந்து பார்த்தேன். நுனி கேமராவை நோக்கிய இரண்டு படங்களில் வில் தலைகீழாக இருக்கிறது. ஏன் பொய்யாகத் தோன்றின என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன். ஒன்றில் பளபளப்பும் ஒட்டவில்லை. வெள்ளைக் கோடு சேர்த்தும் பிளாஸ்டிக் போலவே இருக்கிறது.

தூரிகை:
பொன்னின் பளபளப்பு வெள்ளையல்ல. மிகவும் கூசும் நடுப்புள்ளி தவிர மற்றதெல்லாம் மஞ்சள் கலந்தே தெரியும். அதைவிட முக்கியம் இருட்டு. உலோகம் சுற்றுப்புறத்தையே திருப்பிக் காட்டுவதால், வெளிச்சக் கீற்றுக்குப் பக்கத்திலேயே கரும்பட்டை இல்லாவிட்டால் உலோகமாகத் தெரியாது. விரலை ஒட்டிய ஓரங்களில் தோலின் நிறமும் லேசாக ஏற வேண்டும். நகத்தில் பளபளப்பு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். மோதிரத்தில் ஒளி எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் இடவலம் திருப்பலாம், எழுத்துப் பொறித்த மோதிரமாக இல்லாவிட்டால். கடைசியாக, மோதிரம் தோலைத் தொடும் விளிம்பில் மெல்லிய நிழலைத் தனி அடுக்கில் `Multiply` முறையில் இடுங்கள். அது இல்லாத மோதிரம் மிதக்கும்.

சொல்தேடி:
முன்வில், பின்வில் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ‘சூழ்வளைவு’ மட்டும் உறுத்துகிறது. பாதை மலையைச் சூழ்ந்து வளைவதுபோல் ஒலிக்கிறது, தோலோடு ஒட்டும் நெருக்கம் அதில் இல்லை. ‘தழுவுவளைவு’ எப்படி?

நகைப்பட்டறை:
தளர்ந்த மோதிரம் தழுவாதே!

தூரிகை:
கையின் அடிப்பக்கத்தில் இடைவெளி தெரியும் படங்களும் உண்டு. ஐயாவின் மறுப்பு சரிதான். எனக்கு இன்னும் சூழ்வளைவே. வேறு யாரிடமாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.