தமிழும் ஆங்கிலமும் கலந்த வகுப்புப் பதிவு: விஸ்பரில் எந்த மொழியை வைப்பது?

மின்பயிற்றுநர்

பாலிடெக்னிக்கில் மின்னியல் நடத்துகிறேன். 50 நிமிட வகுப்பைப் பதிவுசெய்து, விஸ்பரில் எழுத்தாக்கி மாணவர்களுக்குத் தர விரும்புகிறேன். என் ஒவ்வொரு வாக்கியத்திலும் தமிழும் ஆங்கிலமும் கலந்தே வரும். மொழி அமைப்பில் தமிழ், ஆங்கிலம், தானாகக் கண்டறிதல் ஆகிய மூன்றில் எதை வைக்கலாம்?

வரிவடிவம்

ஆங்கிலத்தை வையுங்கள், ஐயா. பயிற்சிக் காணொளிகளுக்கு வசன வரி எழுதுவது என் அன்றாட வேலை. தமிழ் என்று வைத்தால், 'கெபாசிட்டர்' அடுத்த வரியில் 'கப்பாசிட்டர்' என்றும் அதற்கடுத்த வரியில் 'கெப்பாஸிடர்' என்றும் மாறிமாறி வரும். மாணவர் ஒரு சொல்லைத் தேடினால் மூன்றில் இரண்டு இடங்கள் அகப்படாமல் போகும். ஆங்கிலம் வைத்தால் கலைச்சொற்கள் எல்லாம் ஒரே எழுத்துக்கூட்டலில் வருகின்றன, வாக்கியங்களும் பிழையின்றி அமைகின்றன. தமிழ் வினைச்சொற்கள் சில விடுபடலாம். பாடத்துக்கு அவை அவ்வளவு முக்கியமில்லை.

செவிநுகர்

அந்தப் பிழையின்மைதான் எனக்குக் கவலை தருகிறது. ஆசிரியர் தமிழ் வினைகளோடு பேசியிருக்க, முழு ஆங்கில வாக்கியம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலம் என்று வைத்துத் தமிழ்ப் பேச்சைக் கொடுத்தால், இந்தக் கருவி பெரும்பாலும் கேட்டதை எழுதுவதில்லை, மொழிபெயர்த்துவிடுகிறது. நீங்கள் மொழிபெயர்ப்பைக் கேட்காமல் `--task transcribe` என்றே கொடுத்திருந்தாலும் அப்படித்தான் நேர்கிறது.

வினைச்சொல் முக்கியமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் எழுத்தாக்கிய ஒரு பயிற்சி வகுப்பில் ஆசிரியர், 'கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணாம டெர்மினலைத் தொடக்கூடாது' என்றார். ஆங்கில அமைப்பில் கிடைத்த வரியின் பொருள், 'கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யாதீர்கள், டெர்மினலைத் தொடாதீர்கள்' என்பது. 'பண்ணாம' என்பதில் இருந்த நிபந்தனை ஒரு தனிக் கட்டளையாக மாறி, செய்ய வேண்டியதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. எழுத்துப்பிழையாக இருந்தால் படிப்பவர் கண்ணில் படும். இலக்கணம் சரியாக அமைந்த வரியை எவரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஏதேனும் இரண்டு நிமிடத்தை எடுத்து, நீங்களே காதால் கேட்டுக் கையால் எழுதுங்கள். பேச்சில் இல்லாத ஆங்கில வினைகள் கருவியின் உரையில் இருந்தால், அது எழுத்தாக்கம் அன்று. ஒப்பிடும்போது 'வோல்டேஜ்' தமிழ் எழுத்தில் இருக்கிறதா, ரோமன் எழுத்தில் இருக்கிறதா என்பதைப் பிழையாக எண்ணாதீர்கள். அதையும் எண்ணினால் தமிழ் அமைப்பு உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

தானாகக் கண்டறியும் அமைப்பும் உங்களுக்கு ஒத்துவராது. அது கோப்பின் முதல் 30 வினாடியை மட்டும் கேட்டு ஒரு மொழியை முடிவுசெய்து, கோப்பு முழுவதற்கும் அதையே பிடித்துக்கொள்கிறது. வருகைப் பதிவை ஆங்கிலத்தில் எடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குபவர் என்றால், 50 நிமிடமும் ஆங்கிலமாகவே போய்விடும்.

கடல்தாண்டி

என் அனுபவம் வேறு. டொராண்டோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த என் அம்மம்மாவின் நினைவுகளைப் பதிவுசெய்தேன். நான் ஆங்கிலத்தில் கேட்பேன், அவர் தமிழில் சொல்லுவார். தமிழை வைத்தபோது என் கேள்விகள் எல்லாம் தமிழ் எழுத்தில் வந்து வாசிக்கவே கடினமாய் இருந்தது. பிறகு பாஸ்டர்-விஸ்பரில் `multilingual=True` என்று கொடுத்தேன். கேள்விகள் ஆங்கிலத்திலும் பதில்கள் தமிழிலும் வந்துவிட்டன. ஆசிரியர் ஐயாவும் அதையே செய்து பார்க்கலாமே?

செவிநுகர்

உங்கள் பதிவுக்கு அது மிகப் பொருத்தமான தேர்வு. ஆனால் நீங்கள் இருவரும் மொழியை மாற்றுவது ஆள் மாறும்போது. அம்மம்மா ஒரு நிமிடம் தமிழிலேயே பேசுகிறார். அந்த அமைப்பு ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே மொழியைக் கண்டறிந்தாலும், ஒரு துண்டுக்கு ஒரு மொழியைத்தான் தர முடியும். ஒரே வாக்கியத்துக்குள் நான்கு முறை மாறும் பேச்சில், ஆங்கிலச் சொல் கூடுதலாக விழுந்த துண்டு ஆங்கிலத்துக்குத் தாவி, மீண்டும் மொழிபெயர்ப்பில் போய் முடியும். வினையும் வேற்றுமை உருபும் தமிழாக இருக்கும்வரை தமிழை வைப்பதே சரி என்பது என் முடிவு.

மின்பயிற்றுநர்

தமிழை வைத்துப் பார்த்தேன், உரை என் பேச்சாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு குறைகள். இடைவிடாமல் விளக்கிய இடங்களில் பாதிப் பேச்சைக் காணவில்லை. வாக்கியம் நடுவிலேயே நின்று, அடுத்த வரி அரை நிமிடம் தள்ளித் தொடங்குகிறது. `--initial_prompt` இல் கலைச்சொற்களைக் கொடுத்தேன்; முதல் சில நிமிடம் எழுத்துக்கூட்டல் சரியாக இருந்து, பிறகு குலைந்துவிட்டது.

செவிநுகர்

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். கருவி 30 வினாடிப் பேச்சை ஒரே மூச்சில் எழுதுகிறது; அதற்குள் 224 டோக்கன் வரைதான் எழுத முடியும். ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்றிரண்டு டோக்கன் போதும். தமிழ்ச் சொல்லோ பல துண்டுகளாக உடைகிறது. வேகமான பேச்சில் இடம் தீர்ந்து வாக்கியம் நடுவில் அறுபடுகிறது. இடையில் நேரக்குறி விழுந்திருந்தால் அங்கிருந்து தொடரும். மூச்சு விடாமல் பேசிய இடத்தில் குறி ஏதும் விழாததால் 30 வினாடி முழுவதையும் கடந்து போய்விடுகிறது.

கலைச்சொல் பட்டியலுக்கும் ஏறத்தாழ அதே அளவு இடம்தான். முந்தைய உரையும் அந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது என்பதால், வகுப்பு நகர நகர அது உங்கள் பட்டியலை வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே பதிவை, நீங்கள் பேச்சை நிறுத்தும் இடங்களில், பத்துப் பதினைந்து வினாடித் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு கோப்பும் புதிதாகத் தொடங்குவதால் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும்.

```
whisper p*.wav --model large-v2 --language ta --initial_prompt "கெபாசிட்டர், டெர்மினல், ரெசிஸ்டர்"
```

அன்றைய பாடத்தின் சொற்களை மட்டும் கொடுங்கள்; பட்டியல் நீண்டால் அதன் முன்பகுதி வெட்டுப்படும். துண்டுகளை ஒட்டும்போது எல்லையில் இருக்கும் சொற்களை ஒருமுறை கேட்டுச் சரிபார்க்க வேண்டும். முந்தைய துண்டின் தொடர்பு இல்லாததால் அங்கேதான் தடுமாற்றம் வரும்.

வரிவடிவம்

'பண்ணாம' எடுத்துக்காட்டைப் படித்தபின் என் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து ஒப்பிட்டேன். 'தேவைப்பட்டா மட்டும்' என்று பேச்சாளர் சொன்னது என் வசன வரியில் இல்லவே இல்லை. அந்த அளவில் நான் சொன்னது தவறு. ஆனால் கலைச்சொற்கள் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. மாணவர் தேர்விலும் மின்சுற்றுப் படத்திலும் அவற்றை ஆங்கிலத்தில்தான் பார்க்கிறார். தமிழ் அமைப்பில் எழுத்தாக்கியபின், சொல்மாற்றுப் பட்டியல் ஒன்றை வைத்து மாற்றிவிடலாம்.

செவிநுகர்

மாற்றலாம், ஆனால் உருபு ஒட்டிய 'டெர்மினலைத்' போன்ற வடிவங்களை அந்தப் பட்டியல் எப்படிப் பிரிக்கும்? ரோமன் எழுத்தோடு தமிழ் உருபை ஒட்டினால் தேடுவதும் வாசிப்பதும் வேறு விதமாகச் சிக்கலாகும். தமிழ் எழுத்தில், ஒரே எழுத்துக்கூட்டலில் இருந்தாலே மாணவருக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

மின்பயிற்றுநர்

நேற்றைய வகுப்பிலிருந்து பத்து நிமிடத்தை எடுத்து, துண்டுகளாக வெட்டிச் செய்தேன். விடுபட்ட பகுதிகள் வந்துவிட்டன. 'எர்த்' மட்டும் பல இடங்களில் 'எடுத்து' என்று விழுகிறது. பட்டியலில் சேர்த்தும் முழுவதும் மாறவில்லை, அதைக் கையால்தான் திருத்துகிறேன். எழுத்து வடிவத்தைப் பற்றி நீங்கள் இருவரும் சொன்னதை மாணவர்களிடமே காட்டலாம் என்று, ஒரே பக்கத்தை இரண்டு வகையிலும் அச்சிட்டு வைத்திருக்கிறேன். திங்களன்று கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.